போதிகையில் தொடங்குங்கள்: கட்டடக்கலை வரலாற்றை ஒரே தாளில் அடக்குவது எப்படி

கேள்வி: "பி.ஆர்க் மூன்றாம் ஆண்டு. கட்டடக்கலை வரலாறு பாடம் முடிந்து 140 பக்கம் நோட்ஸ் இருக்கிறது. பல்லவர், சோழர், பாண்டியர், விஜயநகரம், நாயக்கர் என்று ஒவ்வொரு காலத்துக்கும் அடையாளங்களைப் போட்டு ஒரே தாளில் ஒப்பீட்டு அட்டவணை செய்தேன். சொந்த ஊர் காரைக்குடி பக்கம். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு இங்குள்ள கோயில்களைப் பார்த்தால் எல்லாக் கோயிலும் எல்லாக் காலத்துக்கும் பொருந்துகிறது. வீடுகள் எதற்கும் பொருந்தவில்லை. எங்கே தப்பு?"

உங்கள் தாளில் ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு கட்டம் போட்டு, அதற்குள் அடையாளங்களை வரிசையாக எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படி எழுதினால், ஒரு கோயிலுக்குள் நுழைந்ததும் "இது யார் காலம்?" என்று முழுக் கோயிலுக்கும் ஒரே பதிலைத் தேடத் தோன்றும். செட்டிநாட்டில் அந்தப் பதில் கிடைக்காது. இங்கே ஒரு கருவறைச் சுவருக்கு ஒரு வயது, அதன் முன்னால் இருக்கும் மண்டபத்துக்கு வேறு வயது, கோபுரத்தின் கல்லுக்கு ஒன்று, அதன் மேலுள்ள சுதைக்கு இன்னொன்று. நகரத்தார் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் தங்கள் கோயில்களைப் பெரிய அளவில் திருப்பணி செய்தார்கள். இளையாத்தங்குடி, வயிரவன்கோயில், இரணியூர் என்று அவர்களுடைய ஒன்பது நகரக் கோயில்களில் எதற்குப் போனாலும் அந்தத் திருப்பணியைத் தாண்டித்தான் பழைய கல்லைத் தேட வேண்டியிருக்கும். அதனால் தாளைத் திருப்பிப் போடுங்கள். காலங்களை மேலே குறுக்காக எழுதுங்கள். இடப்பக்கம் கீழ்நோக்கிக் கட்டட உறுப்புகளை எழுதுங்கள். கேள்வியும் மாறிவிடும்: தூணின் மேலுள்ள இந்தப் போதிகை எந்தக் காலம், கூரை விளிம்பிலுள்ள இந்தக் கூடு எந்தக் காலம், அவ்வளவுதான்.

இருபது வருடத்துக்கு மேல் இந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறேன். மாணவர்கள் கொண்டுவரும் தாள்களில் முதலில் அடிக்க வேண்டியது பெயரடைகளை. "பிரமாண்டம்", "எளிமை", "நுணுக்கமான வேலைப்பாடு" எல்லாம் போய்விட வேண்டும். சோழர் என்றால் பிரமாண்டம் என்று எழுதிக்கொண்டு நீங்கள் புதுக்கோட்டைப் பக்கம் கொடும்பாளூர் மூவர்கோயிலுக்குப் போனால் என்ன ஆகும்? மூன்றில் இரண்டு விமானங்கள்தான் மிஞ்சியிருக்கின்றன, இரண்டும் சிறியவை. ஆனாலும் தொடக்கச் சோழர் காலக் கலைக்கு அதைவிட நல்ல பாடம் இந்தப் பக்கத்தில் இல்லை. இரண்டாவதாக, அரசர் பெயர்களையும் போர்களையும் அடித்துவிடுங்கள். அவை தேர்வுக்கு வேண்டும், ஆனால் நின்று பார்க்கும்போது கண்ணில் படாது. மூன்றாவது அடிப்புதான் கடினமானது. ஒரு காலத்தில் தோன்றி இன்றுவரை தொடரும் எதையும் அந்தக் காலத்தின் தனி அடையாளமாக எழுதக் கூடாது.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, கருவறை வெளிச்சுவரின் கோட்டங்களில், அதாவது மாடங்களில், நிற்கும் தெய்வங்கள். தெற்கே தட்சிணாமூர்த்தி, மேற்கே லிங்கோத்பவர், வடக்கே பிரம்மா, துர்க்கை என்ற வரிசை சோழர் காலத்தில் நிலைபெற்றது. அது சரி. ஆனால் போன வருடம் கட்டிய சிவன் கோயிலிலும் அதே வரிசைதான் இருக்கும். ஆகவே அது உங்களுக்கு ஒன்றைத்தான் சொல்லும்: இந்த அமைப்பு சோழர் காலத்துக்கு முற்பட்டதாக இருக்க வாய்ப்புக் குறைவு. அதற்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் இருக்கலாம். பெரும்பாலான அடையாளங்கள் இப்படித்தான் வேலை செய்யும். அவை ஒரு உறுப்புக்கு முன் எல்லையைத் தரும், பின் எல்லையைத் தராது. இதைப் புரிந்துகொண்டால் "எல்லாக் கோயிலும் எல்லாக் காலத்துக்கும் பொருந்துகிறது" என்ற உங்கள் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும். நாயக்கர் காலத்து மண்டபத்தில் சோழர் காலத்து அடையாளம் இருக்கத்தான் செய்யும், ஏனென்றால் தச்சர்கள் அதை விடவில்லை. சோழர் காலத்துச் சுவரில் நாயக்கர் காலத்து அடையாளம் இருந்தால்தான் யோசிக்க வேண்டும். அங்கே யாரோ பின்னால் கை வைத்திருக்கிறார்கள்.

சரி, எந்த உறுப்புகளை எடுப்பது? நான்கு போதும். அதில் முதல் இடம் போதிகைக்கு. தூணின் தலைக்கு மேல், உத்திரத்தைத் தாங்கிக்கொண்டு இரண்டு பக்கமும் கை நீட்டிய மாதிரி இருக்கும் கல் அது. சுவரில் ஒட்டிய அரைத்தூண்களுக்கும் உண்டு. அதை ஏன் முதலில் வைக்கிறேன் என்றால், தெய்வ உருவங்களைப் போல அதற்கு மாறாத இலக்கணக் கட்டுப்பாடு கிடையாது; பக்தர்கள் அதைப் பார்ப்பதில்லை; ஒவ்வொரு தலைமுறைத் தச்சரும் தன் காலத்துப் பழக்கப்படி வெட்டிவிட்டுப் போய்விடுவார். உயரத்தில் இருப்பதால் எண்ணெயும் குங்குமமும் அவ்வளவாக ஏறாது. புதுச்சேரியில் ஆசிரியராக இருந்த பிரெஞ்சுக்காரர் ழூவோ-துப்ரேய் 1914-இல் இந்த வழியைத்தான் முறைப்படி எழுதி வைத்தார். கல்வெட்டால் காலம் தெரிந்த கோயில்களில் போதிகை, கூடு, தூண் இவற்றின் வடிவம் எப்படிப் படிப்படியாக மாறுகிறது என்று வரைந்து, 600 முதல் 850 வரை பல்லவர், 1100 வரை முற்காலச் சோழர், 1350 வரை பிற்காலச் சோழர், 1600 வரை விஜயநகரம், அதன் பிறகு மதுரை நாயக்கர் வழி என்று ஐந்து கட்டமாகப் பிரித்தார். உங்கள் தாளின் மேல் வரிசைக்கு இந்த ஐந்து கட்டமே போதும். ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: அரச மரபின் பெயரைச் சிறியதாகவும் நூற்றாண்டைப் பெரியதாகவும் எழுதுங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

போதிகையைப் பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும். நேர் எதிரே நின்றால் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். பல்லவர் குடைவரைகளில் அது கீழிருந்து மேலாக வளைந்து போகும், கட்டைவண்டிச் சக்கரத்தில் கால்பங்கை வெட்டி வைத்தது போல. அந்த வளைவின் மேல் அலை அலையாக உருளைகள் இருந்தால் அதைத் தரங்கப் போதிகை என்பார்கள். நடுவில் ஒரு பட்டை ஓடும். இந்த அலைப்போதிகை தொடக்கச் சோழர் கோயில்கள் சிலவற்றிலும் வரும், அதனால் அதை மட்டும் வைத்துப் பல்லவர் என்று எழுதிவிடக் கூடாது. சோழர் கையில் வளைவு போய்ச் சாய்வான வெட்டு வருகிறது. கத்தியால் ஒரே வீச்சில் சாய்த்து வெட்டியது போன்ற விளிம்பு, அதன் நடுவில் சதுரமாகத் துருத்திக்கொண்டிருக்கும் ஒரு நாக்கு. இதுதான் வெட்டுப் போதிகை. அடுத்து வந்த இருநூறு முந்நூறு ஆண்டுகளில் அந்த நாக்கு மெல்ல மெல்ல முன்னால் நீண்டு நுனியில் உருண்டுகொள்கிறது. விஜயநகரக் காலத்தில் அது பூமொட்டாகி, கீழே குனியத் தொடங்குகிறது. நாயக்கர் காலத்தில் மொட்டு முழுசாகக் கீழே தொங்கிவிடும். வாழைத்தாரின் நுனியில் பூ தொங்குமே, அந்தத் தோற்றம். மதுரையில் திருமலை நாயக்கர் கட்டிய புது மண்டபத்தில் நின்று மேலே பார்த்தால் சந்தேகமே வராது. இந்த ஐந்து பக்கத்தோற்றங்களையும் வார்த்தையில் எழுதாமல் பென்சிலால் வரையுங்கள், ஒவ்வொன்றும் தபால்தலை அளவில். ஒரு கோடு வளைகிறதா, சாய்கிறதா, தொங்குகிறதா என்பதுதான் மொத்த விஷயமும்.

இரண்டாவது உறுப்பு நாகபந்தம். தூணின் அடியிலுள்ள சதுரம் எட்டுப்பட்டையாக மாறும் இடத்தில், சதுரத்தின் நான்கு மூலையிலும் நாகம் படமெடுத்தது போல ஒரு சிறு முனை எழும்பி நிற்கும். தொடக்கச் சோழர் தூண்களில் இது கிடையாது. பிற்காலச் சோழர் தூண்களில் சின்ன முளையாகத் தலை காட்டுகிறது. விஜயநகரக் காலத்தில் தெளிவான பாம்புத் தலை ஆகிவிடுகிறது. விரலால் தொட்டுப் பார்க்கும் உயரத்தில் இருப்பதால் மாணவர்களுக்கு எளிது. ஆனால் அதே காரணத்தால்தான் சேதமும் ஆகும். திருப்பணியில் மணல் வீச்சால் கல்லைச் சுத்தம் செய்த இடங்களில் மூலைகள் மழுங்கி, முளை இருந்ததா உடைந்ததா என்று சொல்ல முடியாத நிலையில் இருக்கும். அப்படிப்பட்ட தூணில் இந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுங்கள்.

மூன்றாவது கூடு. சுவருக்கு மேல் வளைந்து நீளும் கூரை விளிம்புதான் கபோதம்; அதன் மேல் குதிரைலாட வடிவில் வரிசையாக இருக்கும் சின்ன வளைவுகள். பல்லவர் கூட்டின் உச்சி தட்டையாக, மண்வெட்டித் தலை மாதிரி முடியும். சோழர் காலத்தில் அந்த இடத்தில் சிங்க முகம் வந்து உட்கார்ந்துவிடுகிறது, அப்புறம் போவதே இல்லை. நான்காவது கும்பபஞ்சரம். வெளிச்சுவரின் உள்வாங்கிய பகுதியில் ஒரு குடம், குடத்திலிருந்து எழும் மெல்லிய அரைத்தூண், அதன் தலையில் ஒரு குட்டிக் கோயில். பல்லவரிடம் கிடையாது, தஞ்சைப் பெரிய கோயிலின் விமானச் சுவரில் நன்றாகப் பார்க்கலாம், பிறகு எல்லாரும் செய்தார்கள். இந்த மூன்றும் முன்னால் சொன்ன விதிப்படி முன் எல்லையை மட்டும் தருபவை. பின் எல்லையையும் ஓரளவு தருவது போதிகை ஒன்றுதான், அதனால்தான் அதற்கு முதல் வரிசை.

கோபுரம் உயரமா விமானம் உயரமா என்ற ஒப்பீட்டைப் பாடப்புத்தகம் எல்லாம் சொல்லும். 1010-இல் முடிந்த தஞ்சையில் விமானம்தான் உயரம், வாயில்கள் அதற்கு அடங்கியவை; 12-ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு கோபுரங்கள் ஓங்கி வளர்கின்றன. உண்மைதான். ஆனால் இங்கே அதைத் துணைச் சான்றாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கோபுரத்தின் மேல்நிலைகள் செங்கல்லும் சுதையும்; குடமுழுக்குக்குக் குடமுழுக்கு புதுப்பிக்கப்படுபவை. காலம் சொல்வது கீழேயுள்ள கல்தளம்தான். சிங்கத்தூணிலும் ஒரு எச்சரிக்கை. பல்லவர் தூணில் சிங்கம் அடியில் உட்கார்ந்து தூணைத் தலையில் சுமக்கும். விஜயநகர, நாயக்கர் மண்டபங்களில் யாளி தூணோடு ஒட்டி முன்னங்காலைத் தூக்கிப் பாயும். உங்கள் நோட்ஸில் இரண்டும் "சிங்கத் தூண்" என்று இருந்தால் ஒரு படமாவது போட்டுப் பிரித்துவிடுங்கள்.

இப்போது ஒரு கோயிலில் வைத்துப் பார்ப்போம். காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் இடையில், பிரதான சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சிவன் கோயில். சில வருடங்களுக்கு முன் மாணவர்கள் பதினைந்து பேரோடு போயிருந்தேன். முன்மண்டபத்தில் நுழைந்ததும் பாதிப் பேர் "நாயக்கர்" என்று எழுதிவிட்டார்கள். தொங்கும் மொட்டுப் போதிகை, மூலைக்கு மூலை நாகபந்தம், தூணில் மூன்று சதுரம், இடையில் பட்டைகள். எல்லாம் தாளில் இருந்தபடியே இருந்தது. உள்ளே போய்ச் சுற்றி வந்த மீதிப் பேர் கோட்டங்களைப் பார்த்து "சோழர்" என்று எழுதியிருந்தார்கள். இரண்டு கட்சியும் சண்டை போட்டுக்கொண்டு என்னிடம் வந்தன.

நான் எல்லாரையும் விமானத்தின் மேற்குச் சுவருக்குக் கூட்டிப் போனேன். எந்தக் கோயிலிலும் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான். முன்பக்கம் மண்டபம் சேர்ப்பார்கள், வடக்கே சண்டிகேசுவரர் சன்னதியும் தெற்கே மேடையும் வரும். பின்பக்கத்தை அநேகமாகத் தொடமாட்டார்கள். அங்கே அரைத்தூண்களின் தலையில் வெட்டுப் போதிகை, நடுவில் நாக்கு, சுருளே இல்லை. அடியில் நாகபந்தம் இல்லை. கபோதத்தில் சிங்க முகக் கூடு. மூன்று கட்டமும் 11-ஆம் நூற்றாண்டை ஒட்டி ஒன்றாக விழுந்தன. சோழர் கட்சிக்கு ஒரே மகிழ்ச்சி. அப்போது ஒரு பெண் சுவரின் அடித்தளமான அதிட்டானத்தின் பக்கத்தில் குனிந்து, "சார், இந்த எழுத்து தலைகீழா இருக்கு" என்றாள். கல்வெட்டு வரி ஒரு கல்லில் நேராக ஓடி, அடுத்த கல்லில் தலைகீழாகி, மூன்றாவது கல்லில் நடுவிலேயே அறுந்திருந்தது. பழைய கோயிலைக் கல் கல்லாகப் பிரித்து மறுபடியும் அடுக்கியிருக்கிறார்கள். அடுக்கியவர்கள் எழுத்தைப் பார்க்கவில்லை, அளவு பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்திருக்கிறார்கள். ஆக, கற்கள் சோழர் காலம், சுவர் அந்தக் காலம் இல்லை. தாளில் போதிகைக்கும் கூட்டுக்கும் எழுதியது அப்படியே நிற்கும். "சுவர் எழுப்பியது" என்று ஒரு புதுக் கட்டம் சேர்க்க வேண்டியதாகிவிட்டது.

அப்புறம் முன்மண்டபம். போதிகை மொட்டு தொங்குவதால் 1600-க்குப் பிறகு என்பது உறுதி. ஆனால் நாயக்கர் காலமா? செட்டிநாட்டுத் திருப்பணிகளைச் செய்த ஸ்தபதிகள் நாயக்கர் காலத்து வடிவத்தையே கையாண்டார்கள், இன்றும் கையாள்கிறார்கள். அதனால் கடைசிக் கட்டத்துக்குப் பின் எல்லையே கிடையாது. அங்கே போதிகையை விட்டுவிட்டு வேறு சாட்சி தேட வேண்டும். அந்த மண்டபத்தில் எல்லாத் தூணும் அச்சில் வார்த்தது போல ஒரே அளவு. கல்லின் முனைகள் கையைக் கீறும் அளவுக்குக் கூர்மை. நானூறு வருடம் ஆட்கள் சாய்ந்து உட்கார்ந்த தூணில் அந்தக் கூர்மை இருக்காது. வாசல் தூணில் கைகூப்பி நிற்கும் ஒரு கொடையாளி உருவம், கழுத்தில் உருத்திராக்கம். அதன் கீழே பொறித்திருந்தது "ஸ்ரீமுக வருஷம்". இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழ் வருடப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். ஸ்ரீமுக என்றால் 1873-74-ஆகவும் இருக்கலாம், 1933-34-ஆகவும் இருக்கலாம். மடைப்பள்ளிச் சுவரில் அதே எழுத்து வெட்டில், அதே குடும்பப் பெயரோடு இன்னொரு கல் இருந்தது. அதில் 1934 என்று ஆங்கில ஆண்டே போட்டிருந்தார்கள். காலையில் "நாயக்கர்" என்று எழுதியது முந்நூறு வருடம் பிசகியிருந்தது. அன்றைக்கு எல்லாருடைய தாளிலும் கடைசியாக ஒரு நெடுவரிசை சேர்ந்தது: "எங்கே ஏமாற்றும்". நீங்களும் அதைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். போதிகைக்கு நேராக அதில் "தொங்கும் மொட்டு = 1600 முதல் இன்றுவரை; கல்வெட்டு, கல்லின் தேய்மானம் பார்" என்று எழுதினால் போதும்.

நூற்றாண்டைப் பெரியதாக எழுதச் சொன்னேனே, அதன் காரணம் இந்த மண்ணிலேயே இருக்கிறது. செட்டிநாடு பாண்டிய நாட்டுக்கும் சோழ நாட்டுக்கும் இடைப்பட்ட நிலம். நடுவில் முத்தரையர், இருக்குவேளிர் போன்ற சிற்றரசர்கள். கொடும்பாளூர் மூவர்கோயிலைக் கட்டியவர் இருக்குவேளான பூதி விக்கிரமகேசரி. நார்த்தாமலையில் விஜயாலய சோழீச்சுரம் என்று பெயர் பெற்ற கோயிலுக்குப் போங்கள். பெயரில் சோழன் இருக்கிறான். ஆனால் அங்குள்ள கல்வெட்டு, இளங்கோதியரையர் என்பவர் எடுத்த கோயில் மழையில் இடிந்து பிறகு புதுப்பிக்கப்பட்டது என்று சொல்கிறது. அதனால் அதை முத்தரையர் பணி என்று கொள்பவர்கள் பலர். 9-ஆம் நூற்றாண்டு என்று எழுதினால் இரண்டு தரப்புக்கும் நீங்கள் சரி. "சோழர்" என்று எழுதினால் ஒரு விவாதத்துக்குள் தெரியாமல் காலை வைத்துவிடுகிறீர்கள். குடைவரைகளிலும் இதே கதைதான். கீழும் மேலும் சதுரம், நடுவில் எட்டுப்பட்டை என்ற பருத்த தூணை "மகேந்திரன் பாணி" என்று எழுதி வைத்திருப்பீர்கள். மண்டகப்பட்டில் செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இல்லாமல் கோயில் எடுத்ததாக மகேந்திரவர்மன் கல்வெட்டில் சொல்வதைப் படித்த யாருக்கும் அப்படி எழுதத்தான் தோன்றும். ஆனால் அந்தத் தூண் வடிவம் பாண்டிய நாட்டுக் குடைவரைகளுக்கும் பொதுவானது. பிள்ளையார்பட்டியும் குன்றக்குடியும் பாண்டிய நாட்டு மரபைச் சேர்ந்தவை. அங்கே போய்ப் பல்லவர் என்று எழுதிவிடாதீர்கள். தூணின் வடிவம் "பழைய குடைவரை" என்பது வரைக்கும்தான் சொல்லும். யாருடையது என்பதை இடமும் கல்வெட்டும்தான் சொல்லும்.

வீடுகளுக்கு வருவோம். அவற்றை இந்தத் தாளில் சேர்க்காதீர்கள், தனித் தாள் போடுங்கள். கோயிலில் பொருள் ஒன்றுதான், கருங்கல். வடிவம் காலத்தைச் சொல்கிறது. செட்டிநாட்டு வீட்டில் நேர் மாறு. வடிவத்தை எங்கிருந்தும் எடுத்துக்கொண்டார்கள். முகப்பில் ஐரோப்பியத் தூண், அதன் மேல் கஜலட்சுமி சுதை, பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய் பொம்மை, எல்லாம் ஒரே சுவரில் நிற்கும். தூணின் தலையில் இலை இருக்கிறது என்று சொல்லி ஐரோப்பியப் பாணிப் பட்டியலில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. உங்களுக்கு எதுவும் பொருந்தாமல் போனது இதனால்தான். வீட்டில் காலத்தைச் சொல்வது பொருளும் செய்முறையும். உள்முற்றத்தைச் சுற்றிய வளவுக்குள் மரத்தூணும் மேலே நாட்டு ஓடும் சுண்ணாம்புப் பூச்சும் இருந்தால் ஒரு கட்டம். சிமெண்டில் செய்த ஆத்தங்குடிக் கல் பதித்த தரை என்றால் சிமெண்ட் புழங்கத் தொடங்கிய பிறகு வந்தது; அது 20-ஆம் நூற்றாண்டு. வளைந்த பால்கனி, சுவர் நெடுக ஓடும் கிடைக்கோடுகள், உதயசூரியன் மாதிரி கதிர் விரியும் கம்பிக் கிராதி என்று வந்தால் 1930-களும் 40-களும். 1942-இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் நகரத்தாரின் பர்மா வருமானம் நின்றுபோனது. அதற்குப் பிறகு அந்த அளவில் கட்டிய வீடுகள் மிகக் குறைவு.

வீட்டையும் கட்டுக் கட்டாகத்தான் தேதியிட வேண்டும். வாசலில் 1936 என்று போட்டிருந்தால் அது முகப்புக்கு மட்டும் சொந்தமான தேதியாக இருக்கலாம். தாத்தா கட்டிய வளவையும் இரண்டாம் கட்டையும் வைத்துக்கொண்டு, பேரன் பணம் சேர்ந்ததும் முகப்பை மட்டும் இடித்துப் புதிதாக எழுப்புவது இங்கே நிறைய நடந்திருக்கிறது. திண்ணையிலிருந்து நேராகப் பின்கட்டு வரை நடந்து, ஒவ்வொரு நிலைவாசலைத் தாண்டும்போதும் தரை என்ன, தூண் என்ன, கூரை எதில் நிற்கிறது என்று மூன்றே கேள்வி கேளுங்கள். கூரையில் இரும்பு உத்திரம் தெரிந்தால் அதில் ஆலை முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டுச் சுவர் ஓடு ஒன்று பெயர்ந்திருந்தால், வீட்டு ஆச்சியிடம் கேட்டு அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். செய்த நாட்டின் பெயர் அச்சாகியிருக்கும். அந்த ஓடு இல்லாமல் அந்தச் சுவர் முடிந்திருக்காது என்பதால் அதுவும் ஒரு முன் எல்லைதான். பழைய வீட்டை இடித்த மரமும் தூணும் விலைக்குப் போய் வேறு வீட்டில் நிற்கும் ஊர் இது. அதனால் ஒரு தேக்குத் தூணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். மூன்று கேள்விக்கும் பதில் ஒரே காலத்தில் விழுந்தால் எழுதுங்கள், இல்லாவிட்டால் இரண்டு தேதியையும் எழுதுங்கள்.

இந்தத் தாளால் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான்கு உறுப்பும் ஒத்துப்போனால் நூறு, நூற்றைம்பது வருட இடைவெளிக்குள் வந்துவிடலாம். அதற்கு மேல் நெருங்க முடியாது. ஒரே காலத்துச் சோழர் பணியையும் பாண்டியர் பணியையும் போதிகையை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. தாள் ஒரு காலத்தையும் கல்வெட்டு இன்னொரு காலத்தையும் சொன்னால், அந்தக் கல் தன் இடத்திலேயே இருக்கிறதா, வரி அடுத்த கல்லுக்குத் தடையில்லாமல் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் கல்வெட்டை நம்புங்கள், தாளைத் திருத்துங்கள்.

முடித்த பிறகு தாளைச் சோதிக்க வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் அதற்கு ஏற்ற இடம். ராஜராஜன் கட்டிய விமானம், பின்னால் வந்த பாண்டியர் கால அம்மன் சன்னதி, நாயக்கர் கால நந்தி மண்டபம், முருகன் சன்னதி எல்லாம் ஒரே முற்றத்தில் இருக்கின்றன. எல்லாவற்றின் காலமும் ஏற்கெனவே தெரிந்தது. இந்தப் பாடமே படிக்காத ஒரு நண்பரிடம் தாளைக் கொடுங்கள், நீங்கள் வாய் திறக்காதீர்கள். அவர் போதிகைகளை மட்டும் பார்த்து நான்கையும் முன்பின்னாக வரிசைப்படுத்தட்டும். தப்பாகச் சொல்லும் இடத்தில் உங்கள் படம் தெளிவில்லை என்று அர்த்தம். என் மாணவர்களிடம் பெரும்பாலும் தப்பியது வெட்டுப் போதிகைக்கும் மொட்டுக்கும் நடுவில் வரும் அந்த இடைநிலை, அதாவது நாக்கு நீண்டு இன்னும் குனியாத நிலை. அம்மன் சன்னதியின் போதிகையை அங்கேயே நின்று பக்கவாட்டில் வரைந்து, அந்தக் கட்டத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள்.